சொத்து ஜாமீன் இல்லாமல் தொழில் கடன்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் முதன்முறை தொழில் தொடங்குவோருக்கான முழு வழிகாட்டி

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் ராகி மாவு அரைத்துப் பொட்டலம் போடும் தொழில் தொடங்க 8 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்க நினைக்கும் பெண்ணின் கையில் இருப்பது 50 ஆயிரம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, நிலம் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. வங்கியில் அடமானம் வைக்க அவர் பெயரில் ஒன்றுமில்லை. இந்த நிலையில் கடன் வாங்க முடியுமா என்றால், முடியும். எந்தத் தாளை எப்போது, எந்த வரிசையில் தயார் செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்த ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பார்க்கலாம்.

எந்தத் திட்டத்தில் போவது

முதன்முறை தொழில் தொடங்குவோர் காதில் அதிகம் விழும் பெயர் முத்ரா. 2015-ல் வந்த திட்டம். சிசு என்பது 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-ல் 20 லட்சம் வரையிலான இன்னொரு பிரிவும் சேர்ந்தது. சொத்து ஜாமீன் கிடையாது. ஆனால் முத்ராவில் மானியமும் கிடையாது. வாங்கிய தொகை முழுவதையும் வட்டியோடு கட்ட வேண்டும். "முத்ராவில் பாதி தள்ளுபடி" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மானியத்தோடு கிடைப்பவற்றில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று மத்திய அரசின் பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அலுவலகங்களில் எல்லோரும் பி.எம்.இ.ஜி.பி. என்றே சொல்வார்கள். இன்னொன்று தமிழக அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம், யு.ஒய்.இ.ஜி.பி. மாநிலத் திட்டத்தில் மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். வாங்கி விற்கும் கடைத் தொழிலுக்கு இதுதான் பொருந்தும். பொருள் செய்து விற்கும் தொழில் கிராமத்தில் என்றால் பி.எம்.இ.ஜி.பி.யின் கணக்கு சாதகமானது: பொதுப் பிரிவு ஆணுக்குக் கிராமத்தில் 25 சதவீதம், நகரத்தில் 15 சதவீதம்; பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம். பெண் என்பதாலேயே சிறப்புப் பிரிவில் வந்துவிடுவதால் நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு 35 சதவீதம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் இதோடு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பி.எம்.இ.ஜி.பி.யில் இரண்டு கதவுகள் ஆரம்பத்திலேயே மூடிக்கொள்ளும். தொழில் புதிதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஓடும் தொழிலுக்கு இந்த முதல் கடன் கிடையாது. கணவனோ மனைவியோ வேறு அரசுத் திட்டத்தில் தொழில் மானியம் வாங்கியிருந்தால் மற்றவருக்கும் கிடையாது, ஏனென்றால் இங்கே குடும்பம் என்பது இருவரையும் சேர்த்துத்தான். பயிர் சாகுபடி, இறைச்சி, பீடி, மது போன்றவையும் பட்டியலுக்கு வெளியே. இங்கே சொல்லும் விகிதங்கள் 2022-ல் திருத்திய விதிகளின்படி உள்ளவை; அந்த விதிகள் 2025-26 நிதியாண்டு வரைக்குமாக வந்தவை. ஆகவே விண்ணப்பம் போடும் வாரத்தில் நடைமுறையில் உள்ள விகிதத்தை மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு மேலே போங்கள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனி தொழில் மையங்கள் இருக்கின்றன. 2004-ல் மாவட்டம் பிரிந்தும், ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்தவர்கள் சிலர் இன்னும் பழக்கத்தில் தர்மபுரிக்குப் போய் நிற்கிறார்கள். தொழில் நடக்கும் இடம் எந்த மாவட்டமோ அந்த மையம்தான் கணக்கு.

ஜாமீன் இல்லை என்பதன் பொருள்

குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. பி.எம்.இ.ஜி.பி. கடன்களுக்கும் இது பொருந்தும். வங்கிக்கு நட்டம் வந்தால் ஈடுகட்ட அரசின் உத்தரவாத நிதியங்கள் இருக்கின்றன. முத்ராவுக்குத் தனி நிதியம். மற்ற சிறு தொழில் கடன்களுக்கு 2000-ல் மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து அமைத்த சி.ஜி.டி.எம்.எஸ்.இ. இதற்கான ஆண்டுக் கட்டணத்தை வங்கி உங்கள் கணக்கில்தான் பிடிக்கும். 10 லட்சத்துக்குள்ளான கடனுக்கு 2023-ல் அறிவித்த விகிதம் 0.37 சதவீதம், 7.6 லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 ரூபாய். கணக்கில் இந்தத் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்த உத்தரவாதம் வங்கியைக் காப்பாற்றுவதற்காக, உங்களை அல்ல. தவணை நின்றால் நிதியம் வங்கிக்குப் பணம் கொடுக்கும். ஆனாலும் உங்கள் பெயரில் கடன் அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கை தொடரும், கடன் அறிக்கையும் கெடும். அதேபோல, கடனில் வாங்கும் இயந்திரமும் சரக்கும் வங்கிக்கு ஈடுதான். அதற்கான ஹைப்பாதிகேஷன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது ஜாமீன் கேட்பது ஆகாது. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம், வைப்புத்தொகை ரசீது, அரசு ஊழியர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து என்று கடனில் வாங்காத ஒன்றைக் கேட்டால்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்: பெயர்

நம் பக்கத்தில் அதிக விண்ணப்பங்களை நிறுத்தி வைப்பது இனிஷியல்தான். திருமணமான பெண்ணுக்கு ஆதாரில் கணவர் இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயரே விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒருவர்தான். ஆனால் இணைய விண்ணப்பம் ஆதாரில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எதிர்பார்க்கும். வங்கியின் மென்பொருள் பான் அட்டையையும் ஆதாரையும் ஒப்பிடும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஆதாரில் பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண் நான்கையும் சரி செய்யுங்கள். பிறகு அதே வடிவத்துக்குப் பான் அட்டையை மாற்றுங்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கில் கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும். பள்ளிச் சான்றிதழை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் போதும். 8 லட்சம் ரூபாய் உற்பத்தித் தொழிலுக்குக் கல்வித் தகுதியே கேட்கப்படுவதில்லை. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

பெங்களூரில் சில வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதார் முகவரி கர்நாடகத்தில் இருந்தால், தொழில் பென்னாகரத்தில் இருந்தாலும் வங்கி தயங்கும். ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பது நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அவர்களுக்கு. ஆதாரை ஊர் முகவரிக்குக் கொண்டுவந்துவிட்டு, கணக்கையும் தொழில் நடக்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடன் அறிக்கை

அடமானம் இல்லாதபோது மேலாளர் நம்பிப் பார்க்கும் முதல் தாள் கடன் அறிக்கை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடன் விவரம் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையில் தெளிவாகத் தெரியும். வாராவாரம் வசூலுக்கு வரும் குழுக் கடனில், மற்றவருக்காகக் கையெழுத்துப் போட்டு நின்றுபோன தவணைகூட உங்கள் பெயரில் நிலுவையாக இருக்கலாம். கட்டி முடித்த நகைக் கடன் இன்னும் திறந்த கணக்காகக் காட்டுவதும் வழக்கம்தான். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே முறையிடலாம், 30 நாளில் சரி செய்ய வேண்டும். அதனால்தான் ஒரு மாதம் முன் என்கிறோம்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் வராது, -1 என்று காட்டும். இது கெட்ட மதிப்பெண் அல்ல. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. இதற்காகவே அவசரமாக ஒரு தவணைக் கடனில் செல்போன் வாங்குவது வீண் வேலை. சேமிப்புக் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஒழுங்கான வரவு செலவு தெரிவது அதைவிடப் பயன்படும்.

இடத்துக்கான தாள்

தொழில் மாமனார் வீட்டின் முன்பகுதியில் நடக்கப்போகிறது என்றால் அவரிடமிருந்து சம்மதக் கடிதம், அவர் பெயரிலுள்ள வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, பட்டா நகல் தேவைப்படும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பட்டாவில் பெயருள்ள மற்றவர்களும் சம்மதத்தில் கையெழுத்திடுவது நல்லது. இயந்திரம் இறங்கிய பிறகு பங்காளி வந்து தகராறு செய்தால் மின் இணைப்பே நின்றுவிடும்.

வாடகை இடம் என்றால் பழக்கத்தில் எல்லோரும் போடுவது 11 மாத ஒப்பந்தம். கடன் 5 ஆண்டுக்கு, இடம் 11 மாதத்துக்கு என்றால் மேலாளர் ஏற்கத் தயங்குவார். கடன் காலம் முழுவதையும் தாங்கும் ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கும் மேற்பட்ட குத்தகை பதிவு செய்யாமல் செல்லாது. வேலைக் கொட்டகை வாடகையை 3 ஆண்டு வரை திட்டச் செலவில் சேர்க்க விதி இடம் தருகிறது. நிலம் வாங்கும் விலையைச் சேர்க்க முடியாது.

35 சதவீதமா 25 சதவீதமா என்பதைத் தீர்மானிப்பதும் இந்த இடம்தான். 2022-ல் திருத்திய விதிப்படி ஊராட்சி அமைப்புகளின் கீழ் வரும் இடம் கிராமம். நகராட்சி அமைப்பின் கீழ் வருவது நகரம். உங்கள் இடம் எதில் வருகிறது என்று தாமே முடிவு செய்துகொண்டு 10 சதவீத மானியத்தை இழக்க வேண்டாம், தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிராமம் என்றால் அதற்கான கிராமப் பகுதிச் சான்றை வாங்கி விண்ணப்பத்தோடு ஏற்றுங்கள். 8 லட்சத்தில் அந்த 10 சதவீதம் என்பது 80 ஆயிரம் ரூபாய்.

இயந்திர விலைப்புள்ளி

கொட்டேஷன் என்று கடைக்காரர் தரும் தாள் பெரும்பாலும் லெட்டர்பேடில் இரண்டு வரி. அது போதாது. உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி, ஊர், தேதி, இயந்திரத்தின் பெயரும் மாடலும், மோட்டாரின் குதிரைத்திறன், மணிக்கு எத்தனை கிலோ, விலை, ஜிஎஸ்டி தனியாக, விற்பவரின் ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு விவரம், விலை எத்தனை நாள் செல்லும் என்பது எல்லாம் வேண்டும். வங்கி பணத்தை உங்கள் கையில் தராது, நேரே விற்பவர் கணக்குக்கு அனுப்பும். கொட்டேஷன் ஒருவர் பெயரிலும் பில் இன்னொருவர் பெயரிலும் வந்தால் பணம் நிற்கும்.

ஒப்புதல் கிடைக்க மாதங்கள் ஆகலாம். 30 நாள் கெடு போட்ட கொட்டேஷன் அதற்குள் காலாவதியாகி, இரும்பு விலை ஏறிவிட்டது என்பார் கடைக்காரர். கூடும் தொகை உங்கள் கையிலிருந்துதான் போகும். முடிந்தவரை 90 நாள் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் நடக்கும்: "பில்லை 7 லட்சமாகப் போட்டுத் தர்றேன், மிச்சத்தைக் கையில வாங்கிக்கோங்க" என்பார்கள். இல்லாத இயந்திரத்துக்கு 5 ஆண்டு வட்டி கட்டுவது ஒருபுறம். மூன்றாம் ஆண்டு நேரடிச் சோதனையில் இயந்திரம் இல்லையென்றால் மானியம் திரும்பப் போய்விடும், அது மோசடி வழக்காகவும் மாறலாம்.

திட்ட அறிக்கை: கணக்கை உங்கள் வாயால் சொல்லத் தெரிய வேண்டும்

கணினி மையத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து வாங்கும் திட்ட அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். ராகி மாவுத் தொழில் அறிக்கையில் தேங்காய் நார் விலை வந்து நிற்பதை மேலாளர்கள் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கக் கணக்கை நீங்களே போடுங்கள். அச்சடித்த அறிக்கைதான் உங்கள் கணக்குக்குப் பொருந்த வேண்டும், உங்கள் கணக்கு அறிக்கைக்கு அல்ல.

நம் எடுத்துக்காட்டு: கல் நீக்கும் இயந்திரம், அரவை இயந்திரம், வறுக்கும் இயந்திரம், எடைமேடை, சீல் போடும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 5,40,000, மின் இணைப்பு, வயரிங், பொருத்தும் செலவு 60,000. இது மூலதனச் செலவு, மொத்தம் 6 லட்சம். நடைமுறை மூலதனம் 2 லட்சம்.

மாதம் 25 நாள், நாளைக்கு 80 கிலோ என்றால் 2,000 கிலோ ராகி. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். இரண்டு மாவட்டங்களிலும் அரசே ராகியைக் கொள்முதல் செய்வதால், விவசாயியிடம் அதைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும் என்று எழுதினால் உள்ளூர் மேலாளர் நம்ப மாட்டார். கிலோ 48 என்று வைப்போம், 96,000. கல், தூசி, அரவையில் 5 சதவீதம் போனால் மாவு 1,900 கிலோ. கடைகளுக்கு கிலோ 75-க்குக் கொடுத்தால் வரவு 1,42,500. பை 5,700, ஓர் ஆள் கூலி 10,000, மின்சாரம் 4,000, இடத்துக்கு 3,000, வண்டி 5,000. ராகியோடு சேர்த்துச் செலவு 1,23,700. மிச்சம் 18,800.

நடைமுறை மூலதனம் ஏன் 2 லட்சம் என்ற கேள்வி கட்டாயம் வரும். அரை மாத ராகி இருப்பு 48,000. கடைக்காரர்கள் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள் என்பதால் ஒரு மாதச் செலவு 1,23,700. பைகள், கைச் செலவுக்கு 28,300. கூட்டினால் சரியாக 2,00,000. இப்படிச் சொல்லத் தெரிந்தவர் விண்ணப்பத்தில் வெட்டு விழுவது குறைவு. இதைத் தேவைக்கு மேல் கேட்பதும் ஆபத்து. மானியத்தை வங்கி வைப்பாகப் பூட்டி வைக்கும் 3 ஆண்டுக்குள் இந்த நடைமுறை மூலதனக் கடன் வரம்பை ஒருமுறையாவது முழுக்க எடுத்திருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பயன்படுத்தாத பங்குக்கு ஏற்ற மானியம் திரும்பப் போகும்.

இனி பங்கீடு. திட்ட மதிப்பு 8,00,000. சிறப்புப் பிரிவுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 40,000 (பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம்). வங்கிக் கடன் 7,60,000. இதில் இயந்திரத்துக்கான தவணைக் கடன் 5,70,000, நடைமுறை மூலதனத்துக்கு 1,90,000. மானியம் 35 சதவீதம் 2,80,000. முடிவில் உங்கள் சுமை 4,80,000.

இணையத்தில் போடும்போது

தளம் kviconline.gov.in/pmegpeportal. தனிநபர் விண்ணப்பத்தைத் திறந்து ஆதார் எண், பெயர், செயல்படுத்தும் அமைப்பு, தொழில் வகை, தொழில் நடக்கும் முகவரி, விருப்பமான வங்கிக் கிளை, மாற்றுக் கிளை ஆகியவற்றை நிரப்ப வேண்டும். அமைப்பு என்ற இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால் அலைச்சல் குறைவு. ஏற்ற வேண்டியவை: புகைப்படம், ஆதார், கல்விச் சான்று இருந்தால் அது, திட்ட அறிக்கை, சிறப்புப் பிரிவுக்கான சான்று, கிராமப் பகுதிச் சான்று. ஆண்கள் சாதிச் சான்றிதழை இ-சேவையில் முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.

அவசரத்தில் தவறும் இடம் தொழில் வகைக் குறியீடு. மாவு அரைப்பது உற்பத்தி. கூலிக்கு அரைத்துக் கொடுப்பது என்று சேவையில் போட்டால் திட்ட வரம்பும் கல்வித் தகுதியும் மாறிவிடும். முகவரியில் தொழில் நடக்கும் இடத்தைப் போடாமல் குடியிருக்கும் இடத்தைப் போட்டு, சான்று வேறு ஊருக்கு இருந்தாலும் திரும்பிவிடும்.

தரகருக்கு இங்கே வேலை இல்லை. "தொழில் மையத்தில் ஆள் இருக்கு" என்று சதவீதம் பேசுபவரிடம் உங்கள் ஆதார் ஓ.டி.பி.யும் தளத்தின் கடவுச்சொல்லும் போய்விட்டால், பிறகு உங்கள் விண்ணப்பத்தை நீங்களே பார்க்க முடியாது. கணினி மையத்தில் நிரப்பினாலும் உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம். அதே தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். மாவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் வேண்டும். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு, அதாவது ஓசூர் தாண்டி ஆனேக்கல்லுக்குச் சரக்கு அனுப்பப்போவதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும், முதலிலேயே கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில்

தொழில் மையம் சரிபார்த்து விண்ணப்பத்தை இணையத்திலேயே கிளைக்கு அனுப்பும். அனுப்பியதும் நீங்களே நேரில் போய் மேலாளரைப் பாருங்கள். கோப்பில் அசல்களின் நகல், கொட்டேஷன், இடத்தின் தாள்கள், ஆறு மாத வங்கி அறிக்கை, நீங்கள் போட்ட ஒரு பக்கக் கணக்கு இருக்கட்டும். கூடவே, மாவு வாங்கிக்கொள்வதாகச் சொன்ன நான்கைந்து மளிகைக் கடைகளின் முத்திரையோடு கூடிய கடிதங்கள் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். மேலாளரின் உண்மையான பயம் இயந்திரத்தைப் பற்றியதல்ல, மாவு விற்குமா என்பதுதான்.

"வீட்டுப் பத்திரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். "10 லட்சத்துக்குள்ள கடன்தானுங்க சார், உத்தரவாத நிதியத்துல சேர்த்துக்கலாம்னு தொழில் மையத்துல சொன்னாங்க" என்று சொன்னால் போதும். அதற்கும் மேல் வற்புறுத்தினால், கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். ஆயுள் காப்பீடு எடுத்தால்தான் கடன் என்பதற்கும் அடிப்படையில்லை. இயந்திரத்துக்கும் சரக்குக்கும் தீ விபத்துக் காப்பீடு எடுப்பது மட்டும் நியாயமான நிபந்தனை.

விண்ணப்பத்துக்கு ஒப்புகை தருவது வங்கியின் கடமை. 25 லட்சம் வரையான சிறு தொழில் கடனுக்கு, எல்லாத் தாள்களும் கொடுத்த பிறகு 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் சரி செய்யக்கூடியதா என்பதை வைத்துத்தான் அடுத்த அடி: நிலுவை என்றால் கட்டிவிட்டு வரலாம், இடத்தின் தாள் என்றால் மாற்றலாம். "கிளையின் இலக்கு முடிந்தது" போன்ற பதில் என்றால் தொழில் மையத்திலும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் மனு கொடுத்து, மாற்றுக் கிளைக்கு அனுப்பச் சொல்லலாம். வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

ஒப்புதல் கடிதம் வந்த பிறகு

கடிதத்தில் நான்கு இடங்களை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: வட்டி விகிதம், தவணை தொடங்கும் மாதம், கடன் காலம், மானியம் வரும்வரை தவணை எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. நான்காவதைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம். 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால், 5,70,000 முழுவதற்கும் மாதத் தவணை ஏறத்தாழ 12,400. மானியத்தைக் கழித்த 2,90,000-க்கு என்றால் 6,300. நடைமுறை மூலதன வட்டி மாதம் 1,750 இரண்டிலும் உண்டு. 18,800 மிச்சத்தில் 14,150 போவதற்கும் 8,050 போவதற்கும் உள்ள வேறுபாடு முதல் வருடத்தில் மூச்சு விடுவதிலேயே தெரியும். முழுத் தொகைக்குத் தவணை வைத்தாலும் நட்டமில்லை, மூன்றாம் ஆண்டு முடிவில் மானியமே மீதியை அடைத்துவிடும். ஆனால் முதல் ஆண்டில் அந்த அளவுக்கு விற்பனை வருமா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். வருமானம் தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் வங்கியும் நிம்மதியாக இருக்கும். 14,150 என்றால் நம் கணக்கு அதற்குக் கீழே நிற்கிறது. மேலாளர் தயங்கினால் 7 ஆண்டுக்குக் கேளுங்கள், முழுத் தொகைக்கே தவணை 9,800-க்குள் வந்துவிடும்.

சொந்தப் பங்கு 40,000-ஐக் கணக்கில் கட்ட வேண்டும், தொழில்முனைவோர் பயிற்சியையும் முடிக்க வேண்டும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்துக்கு 10 நாள், 2 முதல் 5 லட்சத்துக்கு 5 நாள், 2 லட்சம் வரை பயிற்சி இல்லை. பயிற்சிச் சான்று தளத்தில் ஏறாமல் மானியக் கோரிக்கை நகராது, ஆகவே ஒப்புதல் வந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்.

வங்கி முதல் தவணைப் பணத்தை விற்பவருக்கு அனுப்பிய பிறகு மானியம் கோரும். வந்த மானியம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக அதே கிளையில் பூட்டப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி போடக் கூடாது. இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மானியம் வந்த மாதத்திலிருந்து கணக்கு அறிக்கையை எடுத்து, வட்டி 7,60,000-க்குப் போட்டிருக்கிறதா 4,80,000-க்கா என்று பாருங்கள். 11 சதவீதத்தில் 2,80,000-க்கு மாத வட்டி ஏறத்தாழ 2,570 ரூபாய். மென்பொருளில் ஒரு குறி போட மறந்தால் அது மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். கடிதம் எழுதிக் கேட்டால் திருப்பி வைப்பார்கள்.

இடையில் கணக்கு வாராக் கடனாகிவிட்டால் பூட்டிய மானியத்தை வங்கி கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளும், மிச்சக் கடன் உங்கள் தலையில் நிற்கும். தவணை 90 நாள் நிலுவையானால் அந்த நிலை வரும். விற்பனை சறுக்கினால் முதல் மாதத்திலேயே போய்ப் பேச வேண்டும்.

இயந்திரங்கள் இறங்கியதும் இந்தத் திட்டத்தில், இந்த வங்கியின் உதவியோடு என்ற பெயர்ப் பலகை வைக்க வேண்டும். பில்கள், போக்குவரத்து ரசீது, இயந்திரத்தின் வரிசை எண் தெரியும் புகைப்படம், மின் இணைப்பு ரசீது, விற்பனைப் பில் புத்தகம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நேரடிச் சோதனைக்கு வருபவர் கேட்பது இவற்றைத்தான். வீட்டு மின் இணைப்பில் அரவை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தால் மின்வாரிய அபராதம் தனி, சோதனையில் குறிப்பும் தனி. இடத்தை மாற்ற நேர்ந்தால் மாற்றுவதற்கு முன்பே வங்கிக்கும் தொழில் மையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். 3 ஆண்டு முடிந்த மாதத்தில் மானியத்தைக் கடன் கணக்கில் சேர்க்கும்படி நீங்களே ஒரு விண்ணப்பம் கொடுங்கள். சோதனை அறிக்கை தளத்தில் ஏறியிருக்கிறதா என்று தொழில் மையத்தில் கேளுங்கள். அது ஏறாதவரை வைப்பு நான்காம் ஆண்டும் பூட்டியே கிடக்கும்.